நான்கு துணை மாதிரிகளும் நான்கு விடைகளும்: குமரி மாவட்டக் கணக்கெடுப்பில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது

களத்திலிருந்து தரவு வந்துவிட்டது. பெண்களில் வேலை செய்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு நான்கு துணை மாதிரிகளின் விடைகள் திரையில் நிற்கின்றன: 34, 36, 22, 36. மூன்று ஒரு பக்கம், ஒன்று மட்டும் தனியாக. இது ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசமா, கேள்வி கேட்டவரால் வந்த வித்தியாசமா? இந்த நிலையில் என்ன பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். ஊர்களும் வேலைகளும் நான் பார்த்தவை. எண்கள் மட்டும் கணக்கு எளிதாகப் புரியும்படி நான் வைத்தவை. மாவட்டத்தின் நிலவரமாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கெடுப்பின் கேள்வி இதுதான்: 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில், கடந்த ஏழு நாளில் கூலிக்கோ சொந்தத் தொழிலிலோ குடும்பத் தொழிலிலோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? கிராமங்களும் நகர வார்டுகளும் சேர்த்து 60 இடங்கள், இடத்துக்கு 12 வீடு, மொத்தம் 720 வீடு.

இந்த 60 இடங்களையும் ஒரே மூச்சில் எடுக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். மாவட்டம் முழுவதற்குமான பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து தொடங்கிச் சம இடைவெளியில் 15 இடம் எடுத்தோம். இப்படி நான்கு முறை. ஆக ஒவ்வொரு 15-ம் தனியாகவே ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை, கடற்கரையிலிருந்து மலையோரம் வரை விரிந்து கிடக்கும். ஒன்றின் ஊர்களுக்கு இடையே மற்றதன் ஊர்கள் வரும். அதனால்தான் இவற்றை ஊடுருவும் துணை மாதிரிகள் என்கிறோம். ஒவ்வொரு துணை மாதிரியையும் ஒரு கணக்கெடுப்பாளரிடம் கொடுத்தோம்.

முறை நம் நாட்டில் பிறந்ததுதான். 1937-இல் தொடங்கி வங்காளத்தில் சணல் பயிரான நிலத்தின் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட முனைந்த புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ், களத்துக்கு அனுப்பிய ஆட்களின் எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு விடை தேடித்தான் இதைக் கொண்டுவந்தார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் துணை மாதிரிகளை வைத்தே பிழையைக் கணக்கிட்டு வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு பலன்: ஆட்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரிகிறது, மதிப்பீடு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று சொல்லும் திட்டப்பிழையும் சிக்கலான சூத்திரம் இல்லாமல் கிடைக்கிறது.

R-இல் திட்டப்பிழைக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```
t <- c(34, 36, 22, 36)
k <- length(t)
v <- sum((t - mean(t))^2) / (k * (k - 1))
sqrt(v)
qt(0.975, k - 1) * sqrt(v)
```

கையாலும் போடலாம். நான்கின் சராசரி 32. சராசரியிலிருந்து விலகல்கள் 2, 4, −10, 4. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 136. அதை 4 × 3 = 12-ஆல் வகுத்தால் 11.33. இதன் வர்க்கமூலம் 3.37, அதுதான் திட்டப்பிழை. நான்கே நான்கு எண் என்பதால் இரண்டால் பெருக்கினால் போதாது. t அட்டவணையில், நான்கில் ஒன்று குறைந்த 3-க்கு நேரே உள்ள 3.182-ஆல் பெருக்க வேண்டும். 32-க்கு மேலும் கீழும் 10.7 வருகிறது. 21-க்கும் 43-க்கும் இடையே என்று சொல்லும் கணக்கெடுப்பை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். சரி, எங்கே கோளாறு?

அறிகுறி: ஒரு துணை மாதிரி மட்டும் தனியே நிற்கிறது

முதலில் மூன்றாமவரைக் கூப்பிட்டு விசாரிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இடங்கள் அமைந்த விதத்திலேயே இவ்வளவு வித்தியாசம் வரக்கூடுமா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கான சான்று ஒவ்வொரு துணை மாதிரிக்குள்ளேயும் இருக்கிறது. 15 இடங்களின் விழுக்காடுகளை எடுத்து அவை தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்தத் திட்டவிலக்கம் சுமார் 9.3. பதினைந்து இடங்களின் சராசரி என்பதால் 9.3-ஐ 15-இன் வர்க்கமூலத்தால் வகுக்க, 2.4 வருகிறது. கேட்டவரால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால், நான்கு சராசரிகளும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 2.4 என்ற அளவு திட்டவிலக்கத்தோடு சிதற வேண்டும்.

உண்மையில் எவ்வளவு சிதறியிருக்கின்றன? 136-ஐ 3-ஆல் வகுத்தால் 45.3. எதிர்பார்த்தது 2.4-இன் வர்க்கம், அதாவது 5.8. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 8. இந்த விகிதத்தைத்தான் F என்கிறோம். F அட்டவணையில், நான்கில் ஒன்று குறைந்த 3-க்கும் 60-இல் நான்கு குறைந்த 56-க்கும் நேரே 5 விழுக்காட்டு எல்லை 2.8-க்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு என்பது அதைத் தாண்டி வெகுதூரம். இடங்களின் தற்செயலால் இது வரவில்லை. பட்டியலில் சம இடைவெளியில் எடுத்த மாதிரி என்பதால், எதிர்பார்த்த 5.8 கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான விகிதம் எட்டுக்கும் மேலே இருக்கலாம்.

இந்த இடத்தில் நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணை மாதிரி எதுவும் பிரிக்காமல் 60 இடங்களையும் ஒன்றாகப் போட்டு, இடங்களுக்குள் உள்ள சிதறலை வைத்தே பிழை கணக்கிட்டிருந்தால், 2.4-ஐ நான்கின் வர்க்கமூலத்தால் வகுத்து 1.2-க்கு அருகே ஒரு எண் வந்திருக்கும். நாம் 32-ஐ வெளியிட்டு, மேலும் கீழும் 2.4 என்று நிம்மதியாக எழுதியிருப்போம். துணை மாதிரிகள் சொன்ன 3.37 அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்டவரால் வரும் வித்தியாசமும் உள்ளே சேர்ந்த பிழை அது. அந்தப் பெரிய எண்தான் நேர்மையான எண்.

அடுத்ததாக, கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். மொத்த விழுக்காட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்தாலும் காரணம் பிடிபடாது. இங்கே வேலையை இரண்டாகப் பிரித்தோம். கூலிக்கு வெளியே போகும் வேலை ஒன்று: முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸ், கட்டட வேலை, தோட்ட வேலை, கடை வேலை. வீட்டிலிருந்தே செய்வது மற்றொன்று: வலை பின்னுவது, ஓலைப்பெட்டி முடைவது, தையல், கருவாடு காயப்போட்டு விற்பது, வீட்டுக்காரரின் கடையில் உட்காருவது.

வெளி வேலையில் நான்கு துணை மாதிரிகளும் 15, 19, 17, 17 என்றன. மேலே 45.3 வந்த அதே கணக்கில் இவற்றின் சிதறல் 2.7, இடங்களின் தற்செயலால் எதிர்பார்ப்பது 3.3 அளவு. ஒன்றுக்கு ஒன்று சரியாக இருக்கிறது, குறை இல்லை. வீட்டு வேலையில் வந்தவை 19, 17, 5, 19. கோளாறு முழுவதும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாமவர் போன ஊர்களில் பெண்கள் அண்டி ஆபீசுக்குப் போவது மற்ற ஊர்களைப் போலவே இருக்கிறது, வீட்டில் இருந்து வலை பின்னுவது மட்டும் காணாமல் போய்விட்டது என்றால், ஊர்மீது பழி போட முடியாது.

இதற்குப் பிறகுதான் ஆளோடு களத்துக்குப் போக வேண்டும். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. கணக்கெடுப்பாளர் நல்ல பையன், சுறுசுறுப்பானவர். டேப்லெட்டைத் திறந்து, "அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். அந்த அக்கா, "இல்ல மக்கா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார். சொல்லும்போது அவர் மடியில் நைலான் வலை கிடந்தது. வலை ஊசி கண்ணிக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணியை முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். கணக்கெடுப்பாளர் 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பொய் யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் 'போவது' என்றால் வீட்டைவிட்டு இறங்குவது என்றுதான் அந்த அக்காவுக்கு அர்த்தம். கேள்வித்தாளில் இருந்த வாக்கியம் வேறு. "கடந்த ஏழு நாளில்" என்று தொடங்கி, வலை, ஓலை, தையல், கருவாடு, கடை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. மற்ற மூவரும் அப்படியே படித்தார்கள். இவர் அதைச் சுருக்கி, பேச்சுவழக்கில் தன் சொந்த வாக்கியமாக்கிக்கொண்டார். நீளமாகப் படித்தால் மக்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதுவும் உண்மைதான். பேட்டி எடுத்த நேரத்தைப் பார்த்தால் வீட்டுக்கு மற்றவர்களைவிட சில நிமிடம் குறைவாகவே அவர் எடுத்திருந்தார்.

ஒரு திண்ணையைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. மூன்றாம் துணை மாதிரியில் 'வேலை இல்லை' என்று பதிவான பெண்களில் 30 பேரைக் குலுக்கி எடுத்து, மேற்பார்வையாளர் திரும்பப் போய் முழு வாக்கியத்தில் கேட்க வேண்டும். கூடவே முதல் துணை மாதிரியிலும் அதேபோல் 30 பேரை எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது முப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், மேற்பார்வையாளர் யாரிடம் போனாலும் கூடுதலாகவே கண்டுபிடிப்பாரோ என்ற சந்தேகம் தீராது. நம் எடுத்துக்காட்டில் மூன்றாவதில் 30-க்கு 5 பேர் வேலை செய்தவர்களாக மாறினார்கள், முதலாவதில் ஒருவர். மூன்றாவதில் 'இல்லை' என்றவர்கள் நூற்றுக்கு 78 பேர். அதில் ஆறில் ஒரு பங்கு என்றால் 13. இருக்கும் 22-உடன் 13 சேர்த்தால் 35. மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறது.

இனி என்ன செய்வது? 22-ஐ 35 என்று மாற்றி எழுதுவது கூடாது. முப்பது பேரை வைத்து 180 வீட்டைத் திருத்த முடியாது. முறையான வழி, மூன்றாம் துணை மாதிரியின் 15 இடங்களில் 'வேலை இல்லை' என்று பதிவான பெண்களிடம் அந்த ஒரு கேள்வித்தொகுதியை மட்டும் வேறொருவரை அனுப்பித் திரும்பக் கேட்பது. குமரி சின்ன மாவட்டம். ஒருவர் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். காலம் தள்ளிப்போய்விட்டால் "கடந்த ஏழு நாள்" என்பது வேறு ஏழு நாளாகிவிடும் என்பதால் உடனே செய்ய வேண்டும்.

அதுவும் முடியாது என்றால், நான்கையும் வைத்து 32 என்றும் மேலும் கீழும் 10.7 என்றும் வெளியிட்டு, காரணத்தையும் எழுதுங்கள். மூன்றாவதைத் தள்ளிவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை வரும். கேள்வியை மாற்றிக் கேட்டார் என்பதற்கு மறுபேட்டியின் சான்று கையில் இருந்தால் அதைச் செய்யலாம். எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் தள்ளினால், அடுத்த தடவை சரியாகக் கேட்ட ஒரே ஆளை நாம் தள்ளிவிடும் நாள் வரும். தனியாக நிற்பவர்தான் தவறு செய்தார் என்று எந்த விதியும் இல்லை. மூன்று பேர் சுருக்கிக் கேட்டு, ஒருவர் மட்டும் முழுதாகப் படித்திருந்தாலும் இதே மாதிரி ஒருவர் தனியாகத்தான் நிற்பார்.

அறிகுறி: பிழை நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வருகிறது

மூன்றாவதைத் தள்ளிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மிஞ்சியவை 34, 36, 36. சராசரி 35.3. அதே சூத்திரத்தில் போட்டால் திட்டப்பிழை 0.67. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இடங்களுக்குள் உள்ள சிதறலிலிருந்து மட்டுமே 2.4-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து 1.4 வந்தாக வேண்டும். அதற்கும் பாதிக்குக் குறைவாக வருகிறது என்றால், மூன்று எண்களும் தற்செயலாக அருகருகே விழுந்துவிட்டன என்பதுதான் பொருள். அப்படிப்பட்ட நேரத்தில் பெரியதை, அதாவது 1.4-ஐ எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டே துணை மாதிரி இருக்கும்போது இந்தத் தொல்லை இன்னும் மோசம். இரண்டுக்குச் சூத்திரம் மிக எளிது: வித்தியாசத்தில் பாதி. 30, 34 என்றால் திட்டப்பிழை 2. 31.9, 32.1 என்றால் 0.1. இந்த 0.1-ஐப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வித்தியாசத்தில் பாதி என்பது ஒரே ஒரு தற்செயல் எண். பத்துத் தடவையில் ஒரு தடவை அது உண்மையான திட்டப்பிழையில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே விழும். இன்னொரு தடவை 1.6 மடங்குக்கு மேலே போகும். அதனால்தான் t அட்டவணையில் 1-க்கு நேரே 12.7 என்ற பெரிய எண் நிற்கிறது.

இதற்கு மருந்து அடுக்கு, அதாவது மாவட்டத்தை முதலிலேயே பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுப்பது. மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன: அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம். நகரப் பகுதியை ஒன்றாகச் சேர்த்தால் பத்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு துணை மாதிரி எடுத்து, அடுக்கு வாரியாக வித்தியாசத்தின் வர்க்கத்தில் கால்பங்கை எடுத்துக் கூட்டுங்கள்:

```
v = sum( (y1[h] - y2[h])^2 ) / 4
```

இந்த v-இன் வர்க்கமூலம்தான் திட்டப்பிழை. இங்கே y1, y2 இரண்டும் அந்த அடுக்கின் மொத்தத்துக்கான மதிப்பீடுகள். விழுக்காட்டை அப்படியே போடக்கூடாது. மாவட்டத்துக்கு விழுக்காடு வேண்டுமென்றால் ஒவ்வொரு அடுக்கின் விழுக்காட்டையும் மாவட்டப் பெண்களில் அந்த அடுக்கின் பங்கால் பெருக்கிவிட்டுப் பிறகு போடுங்கள். அடுக்குகள் அளவில் ரொம்ப வேறுபடாவிட்டால், ஒரே எண்ணை நம்பியிருந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய பத்து எண்கள் சேர்ந்து பேசும். 12.7 இருந்த இடத்தில் 2.2 போதும்.

அறிகுறி: அடுக்கு வாரியாகக் கூட்டினால் பிழை சிறியது, இரண்டு மொத்தங்களோ வெகுதூரம்

இப்படி அடுக்குகளைக் கூட்டும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. பத்து அடுக்கிலும் முதல் துணை மாதிரிக்கு ஒரே ஆள், இரண்டாவதற்கு ஒரே ஆள் என்று வைத்திருந்தால், ஒருவர் எப்போதும் கொஞ்சம் கூட்டியே பதிவு செய்கிறார் என்றால், எல்லா அடுக்கிலும் வித்தியாசம் ஒரே பக்கம் சாயும். அடுக்கு வாரியாக வர்க்கம் எடுத்துக் கூட்டும் சூத்திரத்துக்கு இந்தச் சாய்வு தெரியாது. ஒவ்வொரு வித்தியாசத்தையும் அது தனியாக எடுத்து, கூட்டல் கழித்தல் குறியை அழித்துவிடுகிறது. இடங்களின் தற்செயலுக்கு அது சரி. ஆள் தரும் வித்தியாசத்தை அது குறைத்துக் காட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தாளில் ஒன்பது ஒன்றியங்களையும் நகரத்தையும் சேர்த்த பத்து அடுக்கின் பெயரை எழுதி, எந்தத் துணை மாதிரி கூடுதல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு நான்கு என்று வந்தால் கவலை இல்லை. ஒன்பதுக்கு ஒன்று என்றோ பத்துக்குப் பத்து என்றோ வந்தால், தற்செயலாக அப்படி அமைய நூற்றில் இரண்டு வாய்ப்புதான் இருக்கிறது. அப்போது அடுக்கு வாரியான கூட்டலை விட்டுவிட்டு, மாவட்ட மொத்தங்களின் வித்தியாசத்தில் பாதியைத் திட்டப்பிழையாக எடுங்கள். பெரியதாகத்தான் இருக்கும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு வேறு இரண்டு பேரைப் போட்டால் இந்தச் சிக்கல் எழாது.

அறிகுறி: ஆட்கள் எல்லாரும் சரியாகக் கேட்கிறார்கள், வித்தியாசம் மட்டும் தீரவில்லை

மறுபேட்டியில் குறை ஒன்றும் தெரியவில்லை, F மட்டும் பெரியதாகவே இருக்கிறது என்றால், துணை மாதிரிகள் உண்மையிலேயே ஊடுருவினவா என்று பாருங்கள். நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். தாளில் குலுக்கல் சரியாக நடந்திருக்கும். களத்தில் ஆட்கள் ஊர்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தோவாளைப் பக்கம் குடியிருப்பவருக்குத் தூத்தூர் விழுந்திருக்கும். காலையில் பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பாதிப் பகல் போய்விடும். முஞ்சிறைப் பக்கம் இருப்பவருக்கு ஆரல்வாய்மொழி விழுந்திருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். தவறாக ஒன்றும் செய்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் இப்படி நாலைந்து மாற்றம் நடந்தால் ஒருவர் கையில் கடற்கரை ஊர்களும் மற்றவர் கையில் தோவாளை வயல் ஊர்களுமாகச் சேர்ந்துவிடும். பிறகு வித்தியாசம் ஆளாலா ஊராலா என்பதை எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. மொழிக்காக மாற்றுவதும் உண்டு. விளவங்கோட்டின் மேற்கே சில வீடுகளில் மலையாளம்தான் பேச்சு. மலையாளம் தெரிந்தவரை அங்கே அனுப்பினால் நல்லதுதானே என்று தோன்றும். அது தேவையென்றால் நான்கு பேருமே மலையாளம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

சோதிக்க, கேட்பவரால் மாற்ற முடியாத ஒரு எண்ணை எடுங்கள். தேர்வான ஒவ்வொரு ஊருக்கும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விழுக்காடும் வேலை செய்வோர் எண்ணிக்கையும் இருக்கின்றன. யார் உண்மையில் எந்த ஊருக்குப் போனார் என்பதை டேப்லெட்டின் இருப்பிடப் பதிவிலிருந்து எடுத்து, நான்கு பேர் போன ஊர்களுக்கும் தனித்தனியாக அந்தச் சராசரியைப் போடுங்கள். முன்பு செய்த அதே F கணக்குதான். பழைய புத்தகத்தில் இருக்கும் எண்ணில் நம் கணக்கெடுப்பாளர் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கியிருக்க முடியாது. அதிலும் நான்கும் வெகுவாகப் பிரிந்தால், பிரித்துக்கொடுத்த விதத்தில்தான் குறை.

பயணத் தொல்லை உண்மையான தொல்லைதான். அதை மறுக்காமல் திட்டத்திலேயே இடம் கொடுப்பது நல்லது. மாவட்டத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து, கிழக்கில் இரண்டு பேர், மேற்கில் இரண்டு பேர் என்று வைத்து, அந்தந்தப் பாதிக்குள் ஊடுருவ விடலாம். ஒப்பீடும் அந்தப் பாதிக்குள் மட்டும்தான். கிழக்கில் வேலை செய்தவரை மேற்கில் வேலை செய்தவரோடு ஒப்பிட முடியாது என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

பூட்டிய வீட்டையும் பாருங்கள். வள்ளத்தில் கடலுக்குப் போனவர் வர நாளாகும், கேரளத்துக்கு வேலைக்குப் போனவர் குடும்பத்தோடு போயிருப்பார். ஒருவர் இரண்டு தடவை திரும்பப் போகிறார், இன்னொருவர் உடனே பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்கிறார் என்றால், இரண்டு பேரும் வேறு வேறு வகையான வீடுகளைச் சேர்த்திருப்பார்கள். வித்தியாசம் ஆளால் வந்ததுதான், ஆனால் கேள்வி கேட்ட விதத்தால் அல்ல. மாற்று வீடுகளின் எண்ணிக்கையை ஆள் வாரியாக எடுத்தாலே இது தெரிந்துவிடும்.

அறிகுறி: நான்கும் அழகாக ஒத்துப்போகின்றன, ஆனால் எண் நம்பும்படி இல்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துணை மாதிரிகளால் இதற்கு உதவ முடியாது. நான்கு பேரும் ஒரே மாதிரி தவறினால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நடக்கும் நாள்களை எண்ணும் கணக்கெடுப்பை ஜூன் மழையில் நடத்தினால், மழையில் வெட்டு நின்றுபோன வாரத்தைத்தான் எல்லாரும் பதிவு செய்வார்கள். நான்கு விடையும் ஒன்றுபோல் குறைவாக வரும், திட்டப்பிழையும் சிறியதாக வரும். பயிற்சியில் நானே "வேலைக்குப் போறீங்களா" என்று சொல்லிக் கொடுத்திருந்தால், நான்கு துணை மாதிரிகளும் 22-க்கு அருகே வந்து நின்றிருக்கும், அந்த வலை பின்னும் அக்காவை நாங்கள் யாரும் தேடிப் போயிருக்க மாட்டோம்.

இதைப் பிடிக்க வேண்டுமென்றால் கேள்வியையே துணை மாதிரிகளில் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு துணை மாதிரிகளில் சுருக்கமான கேள்வி, இரண்டில் பெயர் சொல்லிக் கேட்கும் நீண்ட கேள்வி. ஆளையும் கேள்வியையும் கலக்காமல் இருக்க, ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் தன் 15 இடத்தைக் குலுக்கிப் பிரித்து, 8-இல் ஒன்றையும் 7-இல் மற்றொன்றையும் கேட்பது இன்னும் நல்லது. அப்போது ஒவ்வொருவருக்கும் உள்ளேயே இரண்டு கேள்விகளின் வித்தியாசம் கிடைக்கும். அதை முழு வேலை தொடங்கும் முன்பே குளச்சல், முட்டம் போன்ற பத்து ஊரில் முன்னோட்டமாகச் செய்துவிட்டால், முழு மாதிரியில் நீண்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.